மீட்டல் அட்டைகளும் மூன்று பெட்டிகளும்

கேள்வி: உயர்தர உயிரியலுக்கு அட்டை எழுதிப் படிக்கிறேன், ஆனாலும் மறந்துபோகிறது. பெட்டி முறை என்றால் என்ன?

விடையைப் பார்க்காமல் நினைவிலிருந்து எடுப்பதும், மறக்கத் தொடங்கும் நேரத்தில் மறுபடி எடுப்பதும்தான் இந்த முறை. நினைவைத் தேடி எடுக்கும் சிரமமே அதைப் பலப்படுத்துகிறது. அப்பாவின் சைக்கிளில் பின்னால் இருந்து போனால் நல்லூர் ஒழுங்கைகள் எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும். தனியாக ஓடும்போதுதான் எந்தச் சந்தியில் திரும்புவது என்பது மனதில் பதியும்.

ஒரு அட்டைக்கு ஒரே கேள்வி. ‘சதையி பற்றி எழுதுக’ என்று எழுதினால், பாதி விடை சொன்னபின் அது சரியா பிழையா என்று தீர்மானிக்க முடியாது. ‘இன்சுலினைச் சுரப்பவை எவை?’ என்று எழுதி, பின்பக்கம் ‘சதையியின் பீற்றா கலங்கள்’ என்று போடுங்கள்.

புது அட்டைகள் முதற்பெட்டிக்கு; அதைத் தினமும் பாருங்கள். சரியாகச் சொன்னால் அட்டை இரண்டாம் பெட்டிக்குப் போகும், மூன்று நாளுக்கு ஒருமுறை. அங்கும் சரியென்றால் மூன்றாவதற்கு, வாரம் ஒருமுறை. எங்கே பிழைத்தாலும் திரும்ப முதற்பெட்டிதான். நாள் கணக்கைப் பரீட்சைத் திகதிக்கு ஏற்ப மாற்றலாம். முதற்பெட்டி நிரம்பி வழிந்தால் புது அட்டை எழுதுவதைக் கொஞ்சம் நிறுத்துங்கள்.

பலர் அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, ‘ஓ, இது தெரியும்தானே’ என்று அடுத்த பெட்டிக்கு அனுப்புகிறார்கள். திருப்புவதற்கு முன் வாய்விட்டோ எழுதியோ சொன்ன விடை மட்டுமே சரி என்று கணக்காகும்.