தேவையான அளவு

கேள்வி: தொண்டை வலிக்கு வெதுவெதுப்பான தண்ணீரில் தேவையான அளவு உப்பு போட்டுக் கொப்பளிக்கச் சொல்கிறார் என் மாமியார். உப்பு எப்படி வலியைக் குறைக்கும்? நாளைக்கு எத்தனை தடவை?
– ஒரு வாசகி, பட்டர்வொர்த்

பதில்: இந்தத் 'தேவையான அளவு' விவகாரத்தில் நம் சமையல் பக்கம் எழுதுகிறவரோடு எனக்கு வருஷக்கணக்கில் சண்டை. கடுகு அரை டீஸ்பூன், சோம்பு கால் டீஸ்பூன் என்று கறாராக எழுதிக்கொண்டே வருவார். உப்பு வந்ததும் கையை விரித்துவிடுவார். கேட்டால் "நாக்குக்குத் தெரியும் சார்" என்பார். மாமாக் கடையில் "தே ஓ ஐஸ், குராங் மானிஸ்" என்று சீனிக்கு அத்தனை கணக்குப் பார்க்கிற நாம், உப்பென்றால் மட்டும் வள்ளலாகிவிடுகிறோம். சரி, குழம்புக்கு நாக்கு நீதிபதியாக இருந்துவிட்டுப் போகட்டும். தொண்டைக்குக் கரண்டிதான் வேண்டும்.

வலிக்கிற தொண்டையில் உள்சவ்வு நீர் கோத்து வீங்கியிருக்கும். நம் உடல் நீரின் உப்புத்தன்மை சுமார் 0.9 சதவீதம். அதைவிடச் சற்றே உப்பான தண்ணீர் பட்டால் வீக்கத்திலிருந்து கொஞ்சம் நீர் வெளியே வரும். உப்பில் பிசறிய மாங்காய் நீர் விடுவது போலத்தான். ஒட்டிக்கிடக்கும் சளியும் இளகிக் கழன்றுவிடும். சூடு இதமாக இருக்கும்.

250 மில்லி தம்ளருக்குத் தூள் உப்பு அரை டீஸ்பூன், தலைதட்டி. ஏறக்குறைய 3 கிராம், அதாவது 1.2 சதவீதம். உங்கள் மாமியார் பெரிய மேசைக்கரண்டியால் ஒன்று போட்டுவிட்டார் என்று வையுங்கள். 18 கிராம், 7 சதவீதம். பொதுவாகக் கடல் நீரே 3.5 சதவீதம்தான்! அது சவ்வையே உலர்த்திப் புண்ணாக்கும். கொப்பளித்தபின் எரிச்சல் கூடினால் உப்பு மிஞ்சிவிட்டது, தண்ணீர் சேருங்கள். கல் உப்பானால் முழுக்கக் கரையட்டும்.

ஒரு வாய் எடுத்து, அண்ணாந்து அரை நிமிடம் கொப்பளித்துத் துப்புங்கள். தம்ளர் தீரும்வரை இப்படி. விழுங்க வேண்டாம், ரத்த அழுத்தம் இருப்பவர்கள் முக்கியமாக. மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை போதும். உமிழ்நீர் உப்பைக் கழுவிவிடுவதால் சுகம் வெகுநேரம் நிற்காது. அதற்காக ஒரே மூச்சில் கால் மணி நேரம் கொப்பளித்தும் பயனில்லை.

இது வலிக்கு ஆறுதல், நோய்க்கு மருந்தல்ல. கிருமி பெரும்பாலும் செல்லுக்குள் இருக்கிறது, உப்பு அங்கே போகாது. குரல் கம்மியவர்களுக்கும் பெரிதாக உதவாது. கொப்பளிக்கிற தண்ணீர் குரல்வளை வரை இறங்குவதில்லை, இறங்கினால் புரையேறும். கொப்பளிக்கத் தெரியாத சின்னப் பிள்ளைகளிடம் தம்ளரை நீட்டாதீர்கள். காய்ச்சலோடு தொண்டையில் வெள்ளைத் திட்டு தெரிந்தாலோ, வலி ஒரு வாரம் தாண்டினாலோ கிளினிக்குக்குப் போங்கள். எச்சில்கூட விழுங்க முடியவில்லை, மூச்சு முட்டுகிறது என்றால் கிளினிக் வேண்டாம், நேரே ஆஸ்பத்திரிதான்.