டாஸ் போட்டதும் பந்தய விகிதம் ஏன் மாறுகிறது?

"டாஸ் முடிந்ததும் வெற்றி விகிதம் சட்டென்று மாறுகிறதே, ரன் மொத்தக் கோடு மட்டும் ஏன் சில நேரம் அசையவே இல்லை?"

வெற்றி விகிதம் என்பது அந்த அணி வென்றால் பந்தயத்தில் கட்டிய ஒரு ரூபாய்க்குத் திரும்பக் கிடைக்கும் தொகை; மொத்தக் கோடு என்பது இத்தனை ரன் வரும் என்று பந்தயத் தரகர் வைக்கும் எண். இரண்டையும் அசைப்பவை வேறு வேறு. துபாயில் 2021 டி20 உலகக் கோப்பை இறுதியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்திரேலியா டாஸ் வென்று பந்துவீசியது. நியூசிலாந்து 172 எடுத்தும் ஆஸ்திரேலியர்கள் 18.5 ஓவரில் துரத்தி முடித்துவிட்டார்கள். இரவுப் பனியில் பந்து ஈரமானால் சுழற்பந்து வீச்சாளருக்குப் பிடி கிடைக்காது. அதாவது சாதகம் ஒரு பக்கத்துக்கு மட்டும்.

சமபலமுள்ள இரு அணிகள், துரத்தும் அணிக்கு 56% வாய்ப்பு என்று வையுங்கள் (கணக்குக்காகச் சொல்கிறேன்). டாஸுக்கு முன் இருவருக்கும் 2.00. பின்னர் துரத்தும் அணிக்கு 1.79, மற்றதற்கு 2.27. தரகர் லாபத்தைக் கழித்துக்கொண்டு சற்றுக் குறைவாகவே தருவார்.

பிட்ச் அப்படியில்லை. காய்ந்து வெடித்த களத்தில் இரு அணிக்கும் ரன் வறட்சிதான். மொத்தக் கோடு 165இலிருந்து 155க்கு இறங்கலாம், வெற்றி விகிதம் அதிகம் நகராது. ஒரு அணியில் மட்டும் நல்ல சுழற்பந்து வீச்சாளர்கள் இருந்தால் அதுவும் நகரும்.

முதல் இன்னிங்ஸ் கோட்டைப் பனி பெரும்பாலும் தொடாது, அது பிறகுதானே இறங்குகிறது! பிட்ச் அறிக்கையை நம்பி அவசரப்படுவதிலும் பயனில்லை. டிவியில் சொல்லி முடிப்பதற்குள் விகிதம் மாறியிருக்கும். பந்து நின்று வருகிறதா என்பது முதல் சில ஓவர்களில்தான் தெரியும்.