கையெழுத்து ஸ்வரக் குறிப்பைக் கணினியில் ஏற்றுவது

பாட்டியின் நோட்டிலுள்ள பஜனைப் பாடல்களை ஸ்வரத்தோடு தட்டச்சு செய்கிறேன். சாகித்யம் நகர்ந்துவிடுகிறது, ஸ்தாயிப் புள்ளிகளும் குழப்புகின்றன. என்ன செய்யலாம்?

இடைவெளி தட்டி நேராக்க முயலாதீர்கள். தமிழ் எழுத்துகள் ஒரே அகலமில்லை, எழுத்துரு மாறினால் வரி கலைந்துவிடும். அட்டவணை போடுங்கள்: மேல் வரிசையில் ஸ்வரம், கீழ் வரிசையில் சாகித்யம், ஒரு கட்டத்துக்கு ஒரு அட்சரகாலம்.

பிறகு எண்ணிப் பாருங்கள். ஆதி தாளத்தில் அட்சரத்துக்கு ஒரு ஸ்வரம் வீதம் எழுதியிருந்தால்,

```
ஸா ரி க | ம ப | த நி ||
```

நெடில் ஸா இரண்டு கட்டம். ஆக 4, 2, 2. ஒன்று குறைந்தால், அங்கே நீட்டலைக் காட்டும் காற்புள்ளி மங்கியிருக்கக்கூடும்.

அதிகம் ஏமாற்றுவது வரிகளுக்கு நடுவில் நிற்கும் புள்ளிதான். சாகித்யத்துக்கு மேலே இருந்தால் அது மேல்வரி ஸ்வரத்தின் மந்தர ஸ்தாயிப் புள்ளி; சாகித்யத்துக்குக் கீழே இருந்தால் அடுத்த வரியின் தார ஸ்தாயிப் புள்ளி. சந்தேகம் தீராவிட்டால் இரண்டு விதமாகவும் பாடிப் பாருங்கள். தவறான ஸ்தாயியில் குரல் காரணமின்றித் தாவும்.