ஸ்வீடனில் எஃப்.டி. வட்டிக்கும் 52 சதவீதமா?

"அண்ணா, ஸ்டாக்ஹோமுக்கு வந்து நாலு மாசம் ஆகுது. மாசம் 58,000 குரோனா சம்பளம். கோயம்புத்தூர்ல கொஞ்சம் எஃப்.டி. இருக்கு. அந்த வட்டியையும் சம்பளத்தோட சேர்த்து 52% பிடிச்சிடுவாங்கன்னு ஆபீஸ்ல சொல்றாங்க. என் மனைவிக்கு இங்க வேலை இல்லை. டெபாசிட்டை அவங்க பேருக்கு மாத்திடலாமா?"

52 ஆகாது தம்பி, 30தான். ஆனால் மனைவி பேருக்கு மாற்றியும் பயன் இல்லை.

நம் ஊரில் சம்பளம், வட்டி, வாடகை எல்லாவற்றையும் கூட்டி ஒரே ஸ்லாபில் போடுவார்கள். அந்தப் பழக்கத்தில்தான் இந்தக் கேள்வியே வருகிறது. ஸ்வீடனில் 1991 முதல் சம்பளமும் வட்டியும் தனித்தனிப் பெட்டி. சம்பளத்துக்கு நகராட்சி வரி சுமார் 32%. 2025 கணக்குப்படி, ஆண்டுச் சம்பளம் ஏறத்தாழ 6,43,000 குரோனாவைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு மட்டும் மத்திய அரசு இன்னொரு 20% போடும். உங்கள் ஆபீஸ் நண்பர் சொன்ன 52 அதுதான். வட்டி, டிவிடெண்ட், பங்கு விற்ற லாபம் எல்லாம் மூலதன வருமானம் என்ற மற்ற பெட்டிக்குள் போகும். அங்கே முதல் குரோனாவிலிருந்தே 30%, எவ்வளவு சம்பாதித்தாலும் அதேதான்.

பணக்காரர்களுக்குச் சலுகை போலத் தோன்றும். அந்த விமர்சனம் இங்கேயும் உண்டு. ஆனால் இது வந்த காரணம் வேறு. எண்பதுகளில் சம்பளத்தின் உச்ச வரி மிக அதிகம், கடன் வட்டியையோ சம்பளத்திலிருந்தே கழித்துக்கொள்ளலாம். கையில் காசு உள்ளவர்கள் கடனாக வாங்கிக் குவித்து வரியைக் குறைத்தார்கள். மூலதனத்தின் மீது தனிநபர் கட்டிய வரியைவிட, வட்டிக் கழிவால் அரசு இழந்ததே அதிகம். அதனால் இரண்டையும் பிரித்து, வருகிற வட்டிக்கும் கட்டுகிற வட்டிக்கும் ஒரே 30% என்று வைத்தார்கள். நாளைக்கு இங்கே வீடு வாங்கி ஆண்டுக்கு 90,000 குரோனா வட்டி கட்டினால், உங்கள் வரியில் 27,000 குறையும். நிகர வட்டிச் செலவு ஒரு லட்சத்தைத் தாண்டினால், மீதிக்கு 21%தான். எஃப்.டி. வட்டியை முதலில் இந்தச் செலவோடு நேர்செய்துவிட்டுத்தான் கணக்குப் பார்ப்பார்கள்.

இப்போது உங்கள் டெபாசிட். ஆண்டுக்கு 90,000 ரூபாய் வட்டி, ஒரு குரோனா 9 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம், 10,000 குரோனா. வரி 3,000. இதே பத்தாயிரம் சம்பள உயர்வாக வந்திருந்தால் 5,200 போயிருக்கும். மனைவிக்கு மாற்றினாலும் அதே 3,000தான். வேலை வருமானத்துக்குக் கிடைக்கும் அடிப்படைக் கழிவை இந்தப் பெட்டியில் பயன்படுத்த முடியாது. வருமானமே இல்லாதவரும் வட்டிக்கு முழு 30% கட்டவேண்டும். குறைந்த சம்பளக்காரருக்கு இந்த ஒரே விகிதம் லாபமே இல்லை என்பதை யாரும் சொல்வதில்லை.

பலர் சறுக்குவது, வெளிநாட்டுச் சம்பாத்தியத்தை இந்திய வங்கியில் போட்டுவைக்கும் என்.ஆர்.இ. கணக்கில். இந்தியாவில் அந்த வட்டிக்கு வரி இல்லை, அதனால் இங்கேயும் இல்லை என்று நினைத்துவிடுகிறார்கள். நீங்கள் இப்போது ஸ்வீடனின் வரிக்குடியாளர், உலகில் எங்கே வட்டி வந்தாலும் இங்கே காட்டவேண்டும். இந்தியாவில் வரி கட்டாததால் கழிக்கவும் ஒன்றுமில்லை, முழு 3,000 இங்கேதான்.

இந்தியாவில் வரும் பணத்தைப் போட்டுவைக்கும் என்.ஆர்.ஓ. கணக்கு என்றால் வேறு மாதிரி. இரு நாட்டு ஒப்பந்தப்படி இந்தியா வட்டியில் 10% வரைதான் எடுக்கலாம். அந்த 1,000 குரோனாவை இங்கே கழித்துவிட்டு மீதி 2,000 கட்டினால் போதும். ஆனால் வங்கி தானாக 10% பிடிக்காது, 30 சதவீதத்துக்கு மேல் டிடிஎஸ் பிடித்துவிடும். ஸ்வீடன் வரித்துறையோ ஒப்பந்தம் அனுமதித்த 1,000த்தை மட்டும்தான் கழிக்கும். ஆக 3,000க்கு மேல் அங்கே, 2,000 இங்கே. கூடுதலாகப் பிடித்ததை இந்தியாவில் ரிட்டர்ன் போட்டுத்தான் வாங்கவேண்டும். அந்த அலைச்சல் வேண்டாமென்றால், ஸ்வீடன் வரித்துறையான ஸ்காட்டெவெர்கெட்டிடம் வரிக் குடியிருப்புச் சான்றிதழ் வாங்கி, வட்டி வரவாவதற்கு முன்பே வங்கியில் கொடுத்துவிடுங்கள்.

அப்புறம், இங்குள்ள வங்கிகளின் வட்டி வரிப் படிவத்தில் தானாகவே ஏறியிருக்கும். இந்திய வட்டி ஏறியிருக்காது, நீங்களே சேர்க்கவேண்டும். காலியாக இருக்கிறதே என்று அப்படியே கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள், கணக்கு விவரங்களை இரு நாடுகளும் பரிமாறிக்கொள்கின்றன. இந்திய வங்கி தரும் வட்டிச் சான்றிதழ் ஏப்ரல் முதல் மார்ச் வரை, இங்கே ஜனவரி முதல் டிசம்பர் வரை. அந்தச் சான்றிதழை நம்பாமல் ஸ்டேட்மென்ட்டிலிருந்து மாதவாரியாகக் கூட்டி எடுங்கள்.