மொட்டைமாடியில் 90 மணிநேரம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

விடுதிக்கு வந்து இரண்டு மாதங்கள் ஆகின்றன. வீட்டை விட்டு இருப்பது இதுவே முதல்முறை. பகல் எப்படியோ கழிந்துவிடுகிறது, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு நெஞ்சை அடைக்கிறது. தினமும் மொட்டைமாடிக்குப் போய் அம்மாவிடம் ஒன்றரை மணிநேரம் பேசிய பிறகுதான் தூக்கம் வருகிறது. என் அலைவரிசையில் இங்கே எவருமில்லை. வாசிப்பு இந்தத் தனிமையைப் போக்குமா? எதிலிருந்து தொடங்கலாம்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

கையில் கிடைப்பதிலிருந்து தொடங்குங்கள். ஆனால் இதற்கு மருந்தென்று எண்ணி வாசிக்க வேண்டாம். அறைக்கதவைச் சாத்திக்கொள்ள கௌரவமான ஒரு காரணம் கிடைக்கும், அவ்வளவுதான். அலைவரிசை குறித்துப் பேசவும் எனக்கு விருப்பமில்லை. இரவானதும் மாடிக்கு ஏறிவிடுகிற ஒருவர், கீழே இருப்பவர்களின் அலைவரிசையை எப்போது அளந்தார்?

நெஞ்சடைப்பைப் பற்றி மட்டும் அஞ்ச வேண்டாம். யோஹான்னஸ் ஹோஃபர் 1688இல் எழுதிய மருத்துவ ஆய்வேட்டில், சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரிலிருந்து பாசல் நகருக்குப் படிக்க வந்த ஓர் இளைஞனைப் பற்றிச் சொல்கிறார். நெடுநாள் சோகத்தில் இருந்தவன் காய்ச்சலில் விழுந்தான், பிழைக்கமாட்டான் என்றே நினைத்தார்கள். ஊருக்குத் திருப்பி அனுப்பியபோது, வீடு சேரும் முன்பே வழியிலேயே தேறிவிட்டான். அத்தனை பழைய துன்பம் இது. உங்களிடம் ஏதோ குறை இருப்பதால் வந்ததல்ல.

நான் சொல்ல விரும்புவது அந்த ஒன்றரை மணிநேரத்தைப் பற்றித்தான். கொஞ்ச நாளாகவே இதை யோசித்துக்கொண்டிருந்தேன், உங்கள் கடிதம் சரியாக வந்து மாட்டிக்கொண்டது. ஜெஃப்ரி ஹால் என்ற அமெரிக்க ஆய்வாளர், புதிய ஊருக்குக் குடிபெயர்ந்தவர்களையும் முதலாண்டு மாணவர்களையும் கேட்டு, நட்பு உருவாக எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று கணக்கிட்டார். அறிமுகமானவர் சாதாரண நண்பராவதற்கு ஏறத்தாழ 50 மணிநேரம், நண்பராவதற்கு 90, நெருங்கிய நண்பராவதற்கு 200க்கும் மேல். சேர்ந்து வேலை பார்க்கும் நேரம் இதில் அவ்வளவாகச் சேர்வதில்லை என்பதையும் அவர் கண்டார். நாள் முழுவதும் வகுப்பில் பக்கத்தில் உட்காருகிறவர் இன்னும் அந்நியராகவே இருப்பது அதனால்தான். சும்மா இருக்கும் நேரம்தான் கணக்கில் ஏறுகிறது.

விடுதியில் எல்லோரும் சும்மா இருக்கும் நேரம் எது? இரவுச் சாப்பாடு முடிந்து, படிப்பவர்கள் படிக்க உட்காரும் முன்னால் இருக்கிற அந்த இடைவெளி ஒன்றுதான். தட்டைக் கழுவிவிட்டுத் தாழ்வாரச் சுவரில் சாய்ந்து நின்று, ஆசிரியர் ஒருவரைப் போல நடித்துக்காட்டி, அர்த்தமில்லாமல் சிரிக்கும் நேரம். சரியாக அப்போதுதான் நீங்கள் மாடியில் இருக்கிறீர்கள். 60 நாள், நாளுக்கு ஒன்றரை மணிநேரம் என்றால் 90 மணிநேரம். ஒருவரை நண்பராக்கிக்கொள்ளத் தேவையான நேரம் முழுவதையும், ஏற்கெனவே உங்கள்மீது உயிரையே வைத்திருப்பவரிடம் செலவழித்துவிட்டு, இங்கே எவருமில்லை என்று எனக்கு எழுதுகிறீர்கள்!

என் விடுதியில் மாடிப்படியை ஒட்டிய அறையில் ஒருவன் இருந்தான். காற்றுக்குக் கதவு அடித்துக்கொள்ளும் என்பதால், தண்ணீர் நிறைந்த வாளியை அதற்கு முட்டுக்கொடுத்து வைத்திருப்பான். பேச்சில் கெட்டிக்காரன் அல்லன். கேட்டதற்குப் பதில் சொல்வான், பிறகு பித்தான் தைக்கத் தொடங்கிவிடுவான். ஆனால் நகவெட்டியும் இஸ்திரிப்பெட்டியும் அவனிடம் இருந்தன. இரவல் கேட்டு வந்தவன் கட்டிலின் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்காருவான், அவனைத் தேடி இன்னொருவன் வருவான், பத்து மணிக்குள் அந்தக் கட்டில் நிறைந்துவிடும். தாழ்வாரத்தின் கடைசியில் இருந்த என் அறைப்பக்கம் யாரும் எட்டிப்பார்த்ததில்லை. நானும் அங்கே போய்த்தான் உட்கார்ந்தேன். பின்னாளில் உளவியலாளர் ஃபெஸ்டிங்கர் குழுவினரின் ஆய்வைப் பற்றித் தெரிந்துகொண்டபோது அந்த வாளிதான் நினைவுக்கு வந்தது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக மாணவர் குடியிருப்பில் செய்து 1950இல் வெளியிட்ட அந்த ஆய்வில், நண்பர்களாகப் பெரிதும் குறிப்பிடப்பட்டவர்கள் அடுத்த வாசல்காரர்கள். ஒரே தளத்தின் இரு கோடியில் இருந்தவர்கள் மிகக் குறைவு. அங்கே குணப்பொருத்தத்தைவிட வாசல்தான் அதிகம் வேலை செய்திருக்கிறது.

உங்கள் அறை எங்கே இருக்கிறதென்று எனக்குத் தெரியாது. கடைக்கோடி என்றால், படியோரம் இருக்கும் அறையில் போய் உட்காருங்கள். பேச எதுவும் வேண்டாம். காதில் எதையும் மாட்டிக்கொள்ளாமல் உட்கார்ந்திருந்தால் போதும்.

இவை எல்லாம் எல்லோருக்கும் பொருந்தா. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டு, வகுப்புக்கும் போகப் பிடிக்காமல், ஊருக்குப் போனாலும் மனம் லேசாகவில்லை என்றால் அது வேறு. கல்லூரி ஆலோசகரையோ மருத்துவரையோ பார்க்க வேண்டும். சாகலாம் என்று ஒருமுறை தோன்றினாலும் அன்றே பார்க்க வேண்டும், அதில் தயக்கமே கூடாது.

அம்மாவிடம் பேசுவதை நிறுத்தச் சொல்லவில்லை. வகுப்பு முடிந்து அறைக்குத் திரும்பியதும், சாப்பாட்டுக்கு முன், இருபது நிமிடம் பேசுங்கள். ஏன் நேரத்தை மாற்றினீர்கள் என்பதை அவரிடமே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் இரவு ஒன்பது மணிக்கு அவரே அழைத்துவிடுவார்.