நின்று எடுத்த படத்தில் நாலு லெவல் தெரிந்தால் குடல் அடைப்பா?

கேள்வி: சார், நான் ஹவுஸ் சர்ஜன். வயிற்று வலி, பச்சையாக வாந்தி என்று 54 வயது அம்மா ஒருவர் வந்தார். பத்து வருஷத்துக்கு முன் கர்ப்பப்பை ஆபரேஷன் ஆனவர். முந்தைய நாள் காலையிலிருந்து காற்றும் பிரியவில்லை. நிற்க வைத்து எடுத்த எக்ஸ்ரேயில் ஐந்து ஏர்-ஃப்ளூயிட் லெவல். ஒரு பி.ஜி. "அடைப்பு" என்றார். இன்னொருவர் "ரெக்டத்தில் கேஸ் இருக்கே, வெறும் இலியஸ்" என்றார். எதை வைத்து முடிவு செய்வது? படுத்து எடுத்த படம், நின்று எடுத்த படம் இரண்டையும் அனுப்பியிருக்கிறேன்.

பதில்: முதலில் நின்று எடுத்த படத்தை ஓரமாக வையுங்கள். அடைப்பா இல்லையா என்பதைப் பெரும்பாலும் படுத்து எடுத்த படம்தான் சொல்லும். ஆனால் லெவல் பளிச்சென்று தெரிவதால் எல்லோரும் அங்கேயே போய் நிற்கிறார்கள்.

படுத்த படத்தில் பார்க்க வேண்டியது குடல் எவ்வளவு விரிந்திருக்கிறது, அது எந்தக் குடல் என்ற இரண்டையும்தான். 3, 6, 9 என்ற கணக்கு உங்களுக்குத் தெரிந்திருக்கும்: சிறுகுடல் 3 செ.மீ., பெருங்குடல் 6, சீக்கம் 9. இவற்றைத் தாண்டினால் விரிவு. இதில் ஒரு சிக்கல் உண்டு. பல இடங்களில் படத்தைச் சுருக்கிச் சின்ன ஃபிலிமில் அச்சடித்துத் தருகிறார்கள். அதில் ஸ்கேலை வைத்து அளந்தால் 4 செ.மீ. குடல்கூட இரண்டரையாகத் தெரியும். கம்ப்யூட்டரில் அளக்க வசதி இருந்தால் அங்கே அளங்கள். இல்லாவிட்டால் பக்கத்திலிருக்கும் இடுப்பு முதுகெலும்பின் உயரத்தோடு ஒப்பிடுங்கள். பெரியவர்களுக்கு அது ஏறக்குறைய இரண்டரையிலிருந்து மூன்று செ.மீ.; படம் சுருங்கும்போது எலும்பும் சேர்ந்தே சுருங்கும். குடல் அதைவிடத் தெளிவாக அகலமாக இருந்தால் சந்தேகப்படலாம்.

உங்கள் படத்தில் வயிற்றின் நடுவே மூன்று நான்கு வளையங்கள் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. அதிகபட்ச அகலம், ஓரத்திலிருக்கும் அளவுகோலின்படி, 3.8 செ.மீ. குறுக்கே ஓடும் மெல்லிய கோடுகள் ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவர் வரை முழுதாகப் போகின்றன. அவை வால்வுலே, ஆக இது சிறுகுடல். பெருங்குடலின் ஹாஸ்ட்ரா மடிப்புகள் பொதுவாகப் பாதியிலேயே நின்றுவிடும், குடலும் வயிற்றின் ஓரங்களில் கிடக்கும். இந்தப் படத்தில் வலது ஓரத்தில் கொஞ்சம் மலம் தெரிகிறது, இடது பக்கம் பெருங்குடல் சுருங்கிக் கிடக்கிறது. சிறுகுடல் விரிந்து பெருங்குடல் சுருங்கியிருக்கும் இந்தப் பொருத்தமின்மைதான் இங்கே முக்கியமான தடயம். இலியஸ் என்றால் சிறுகுடல், பெருங்குடல் இரண்டும் சேர்ந்து உப்பியிருப்பதே வழக்கம்.

இப்போது நின்ற படத்துக்கு வருவோம். பாதி தண்ணீர் உள்ள பாட்டிலைப் பக்கவாட்டில் இருந்து பார்த்தால்தான் நீர்மட்டம் தெரியும், மேலிருந்து பார்த்தால் தெரியாது. எக்ஸ்ரே கதிரும் அப்படித்தான். கிடைமட்டமாக வந்தால்தான் லெவல் விழும். காற்றும் நீரும் சேர்ந்து இருந்தால் லெவல் வந்துவிடும், அதற்கு அடைப்பு வேண்டியதில்லை. வயிற்றுப்போக்கில் வரும், பொட்டாசியம் குறைந்த நோயாளிக்கு வரும். நலமாக இருப்பவருக்கே இரண்டு மூன்று குட்டி லெவல்கள் இருக்கலாம். இரைப்பையில் ஒன்று எப்போதும் இருக்கும், அதையும் சேர்த்து எண்ணிவிடாதீர்கள்.

எண்ணிக்கையைவிட அகலமும் உயர வித்தியாசமும் பெரிய விஷயம். லெவலின் அகலம் 2.5 செ.மீ.க்கு மேல் இருக்கிறதா? ஒரே வளையத்தின் இரண்டு கால்களிலும் லெவல் வெவ்வேறு உயரத்தில் நிற்கிறதா? இரண்டும் சேர்ந்திருந்தால், முழு அடைப்பாகவோ அதை நெருங்கியதாகவோ இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. உங்கள் படத்தில் ஐந்தில் இரண்டு லெவல் அகலமானவை. இடுப்பெலும்புக்குச் சற்று மேலே உள்ள வளையத்தில் இடது கால் லெவல் வலதைவிடத் தெளிவாக உயரம். அப்புறம் வலது பக்கம் கீழே வரிசையாக ஐந்தாறு சின்னக் குமிழ்கள் இருக்கின்றன, கவனித்தீர்களா? நீர் நிறைந்த குடலில், வால்வுலே மடிப்புகளுக்கிடையே மாட்டிக்கொண்ட காற்று அது. முத்துச்சரக் குறி என்று படித்திருப்பீர்கள். சாதாரணக் குடலில் அது பெரும்பாலும் தெரியாது.

ரெக்டத்தில் காற்று இருப்பதை வைத்து அடைப்பை மறுக்க முடியாது. அடைப்பு விழுந்த நேரத்தில் அதற்குக் கீழே இருந்த காற்று வெளியேற நேரம் பிடிக்கும். பகுதி அடைப்பு என்றால் காற்று போய்க்கொண்டேயும் இருக்கும். படம் எடுக்கும் முன் பி.ஆர். பார்த்தீர்களா, எனிமா கொடுத்தார்களா என்றும் கேளுங்கள், விரலோடு காற்றும் உள்ளே போகும்.

ஆகவே என் வாசிப்பு: சிறுகுடல் அடைப்பு, அனேகமாகக் கீழ்ப்பகுதியில். பழைய ஆபரேஷனால் வந்த ஒட்டுத்திசு முதல் காரணமாக இருக்கலாம். ஆனாலும் போர்வையை விலக்கி இரண்டு தொடை இடுக்குகளையும் கையால் தொட்டுப் பாருங்கள். பருமனான பெண்களுக்கு நெல்லிக்காய் அளவு ஃபீமரல் ஹெர்னியா கொழுப்புக்குள் ஒளிந்திருக்கும். தையல் தழும்பு இருந்தால் எல்லோரும் அதையே குற்றவாளியாக்கிவிட்டு இதைப் பார்க்க மறந்துவிடுவார்கள்.

குடலுக்கு ரத்த ஓட்டம் நின்றுவிட்டதா என்பது இந்தப் படத்தில் தெரியாது. முறுக்கிய வளையம் முழுக்க நீரால் நிறைந்திருந்தால் காற்றே இல்லாமல் படம் ஏறக்குறைய இயல்பாகக்கூடத் தோன்றும். விட்டுவிட்டு வந்த வலி விடாத வலியாக மாறினால், நாடி ஏறிக்கொண்டே போனால், ஓரிடத்தில் தொட்டாலே துடித்தால், லாக்டேட் உயர்ந்தால், படம் எப்படி இருந்தாலும் உடனே சர்ஜனைக் கூப்பிடுங்கள். இல்லையென்றால் அடுத்தது சிடி. சிறுநீரகம் சரியாக இருந்தால் ஐ.வி. கான்ட்ராஸ்டோடு எடுங்கள். வாய்வழி கான்ட்ராஸ்ட் குடிக்க வைத்து வாந்தியைக் கூட்டாதீர்கள். உள்ளே தேங்கிய நீரே போதும். விரிந்த குடல் எங்கே சட்டென்று சுருங்குகிறது என்பதை அது காட்டும்.

இதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது. ரைல்ஸ் டியூப், ஐ.வி. திரவம், மணிக்கு மணி சிறுநீர் அளவு, பொட்டாசியம். ஆபரேஷன் அவசரமில்லை என்று முடிவானால், டியூப் வழியாக வயிறு காலியாகி, உடலில் நீர்ச்சத்தும் சரியான பிறகு, நீரில் கரையும் கான்ட்ராஸ்ட் சுமார் 100 மி.லி. கொடுப்போம். 24 மணி நேரத்துக்குள் அது பெருங்குடலைச் சேர்ந்துவிட்டால் கத்தி இல்லாமலே சரியாகும் வாய்ப்பு அதிகம். சேராவிட்டால் ஆபரேஷன் பற்றிப் பேச வேண்டியதுதான். போலோன்யா வழிகாட்டுதலின் 2017 பதிப்பு, பொதுவாக 72 மணி நேரம் வரை காத்திருப்பது பாதுகாப்பானது என்கிறது. மேலே சொன்ன ஆபத்துக் குறிகள் இல்லாதவர்களுக்கு மட்டும்.

மறுநாள் எடுக்கும் படத்தில் லெவல் குறைந்திருந்தால் உடனே "நோயாளி தேறுகிறார்" என்று எழுதிவிடாதீர்கள். காற்று போய் அந்த இடத்தை நீர் பிடித்துக்கொண்டாலும் லெவல் குறையும். முதல் நாள் டியூபில் எவ்வளவு வந்தது, இன்று எவ்வளவு, காற்று பிரிந்ததா, வயிறு தளர்ந்ததா என்று பார்த்த பிறகு எழுதுங்கள்.