டெபாசிட்டா, கட்டணமா? முதல் ரசீதில் இருக்கிறது பதில்

கேள்வி: சார், இரண்டு வருடம் முன்பு ஃபைபர் இணைப்பு எடுத்தபோது 2,500 ரூபாய் டெபாசிட் என்று வாங்கினார்கள். மாதாமாதம் ரவுட்டர் வாடகை 118 ரூபாயும் கட்டினேன். இப்போது வீடு மாறுவதால் இணைப்பை நிறுத்தச் சொன்னால், "அது இன்ஸ்டாலேஷன் கட்டணம், திரும்ப வராது. ரவுட்டரையும் கொடுத்துவிடுங்கள்" என்கிறார்கள். பிளானில் ரவுட்டர் இலவசம் என்றுதான் சொன்னார்கள். பணம் கிடைக்குமா?
– வாசகர், திருச்சி

பதில்: முதலில், பணம் கட்டியபோது வந்த ரசீதைத் தேடி எடுங்கள். அதில் ஜி.எஸ்.டி. எந்தத் தொகைக்குப் போடப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். திருப்பித் தர வேண்டிய டெபாசிட்டுக்கு வாங்கும்போது வரி கிடையாது. செய்த வேலைக்கான கட்டணத்துக்கு 18 சதவீதம் உண்டு. உதாரணமாக, ரசீதில் "1,500 டெபாசிட்" என்று வரியில்லாமலும், "இன்ஸ்டாலேஷன் 847.46, வரி 152.54" என்று தனியாகவும் இருந்தால், அந்த 1,500 உங்களுடையது. மீதி 1,000 கேபிள் இழுத்த வேலைக்குப் போனது, அதைக் கேட்க முடியாது. 2,500 முழுவதும் வரியில்லாமல் இருந்தால், இப்போது அதைக் கட்டணம் என்பது அவர்கள் கணக்குக்கே முரண். முழுத்தொகைக்கும் வரி போட்டிருந்தால் வழக்கு கடினம். "டெபாசிட்" என்று எழுதிய மெசேஜோ விண்ணப்பப் படிவமோ வேண்டும். வந்த பையனின் ஜி-பேக்கு அனுப்பியிருந்தால் அந்தப் பதிவையும் சேர்த்து வையுங்கள்.

ரவுட்டரைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். எத்தனை மாதம் வாடகை கட்டினாலும் பொருள் அவர்களுடையதுதான். ஆனால் அடாப்டரோடு கொடுங்கள், அடியில் ஒட்டியிருக்கும் சீரியல் எண்ணைப் படம் எடுங்கள், அந்த எண்ணைக் குறிப்பிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். "ரவுட்டர் வந்து சேரவில்லை" என்று டெபாசிட்டைப் பிடித்துக்கொள்வதுதான் அதிகம் நடப்பது.

வாடகை விஷயம் வேறு. டெபாசிட் வாங்கியதால் வாடகை வாங்கக் கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் சேர்ந்தபோதைய பிளான் விவரத்தில் ரவுட்டர் இலவசம் என்று இருந்தால், 24 மாதத்துக்குக் கட்டிய 2,832 ரூபாயையும் கேளுங்கள். வாய்ச்சொல் மட்டும் என்றால் இந்தப் பகுதி நிற்காது. புது வீட்டில் இணைப்பு எடுக்கும்போது வேகம், டேட்டா தவிர ரவுட்டர், வாடகை, இன்ஸ்டாலேஷன், ஓ.டி.டி. எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள்.

இணைப்பை நிறுத்தும் கோரிக்கையை மின்னஞ்சலில் அனுப்புங்கள். டிராய் 2024 விதிமுறைப்படி, இணைப்பு முடிந்து 45 நாளுக்குள் டெபாசிட் திரும்ப வர வேண்டும். வராவிட்டால் நிறுவனத்தில் புகார் எண் வாங்குங்கள். தீர்வு இல்லையென்றால் 30 நாளுக்குள் அவர்களுடைய மேல்முறையீட்டு அதிகாரியிடம் போங்கள், அதற்குக் கட்டணம் இல்லை. அதிலும் நடக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். தொலைத்தொடர்பு வழக்கை அங்கே தொடுக்கலாம் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உங்கள் தொகைக்கு மனுக் கட்டணம் எதுவும் இல்லை. பணம் தர மறுத்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.